வள்ளம் கோட்டுப்படம்: மல்டிப்ளை போட்டும் தாள் கட்டமாகத் தெரிகிறது, என்ன செய்ய?

கடலோரன்
ஏ4 தாளில் இங்க் பேனாவால் வரைந்த பாய் வள்ளம். 300 டிபிஐ-யில் கலரில் ஸ்கேன் செய்து போட்டோஷாப்பில் எடுத்திருக்கிறேன். பின்னால் வைக்க வேண்டியது பாம்பன் பக்கத்துக் கடல் படம், மேலாக வெளிறிய நீலப்பச்சை. ஒரு நோட்டீசுக்கு. வாட்ஸ்அப்பிலும் போகும், அச்சிலும் போகும்.

மேஜிக் வேண்டால் வெள்ளையை எடுத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. வலை முழுக்கக் கண்ணி. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் வெள்ளை தங்குகிறது. Contiguous-ஐ எடுத்துவிட்டால் கோட்டின் ஓரத்தில் வெள்ளைப் பிசிறு.

பிறகு கோட்டு லேயரை மல்டிப்ளை ஆக்கினேன். கோடு அப்படியே இருக்கிறது, வெள்ளை போய்விட்டது. ஆனால் தாள் இருந்த இடம் ஒரு மங்கல் கட்டமாகத் தெரிகிறது, கடல் அங்கே மட்டும் அழுக்காக இருக்கிறது. பாய்க்குள்ளும் கடல் தெரிகிறது. ஒன்றையும் செலக்ட் செய்யாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

தொண்டி நவாஸ்
சிம்பிள் பாய். கோட்டு லேயரில் Brightness-ஐக் கூட்டுங்கள், கட்டம் போய்விடும். அப்புறம் கடல் லேயரை மறைத்துவிட்டு பிஎன்ஜி-யாக சேவ் செய்து வைத்துக்கொண்டால் எந்தப் படத்தின் மேலும் போடலாம், வெள்ளை வராது.

மண்டபம் டிடிபி
நவாஸ் தம்பி சொன்னதில் முதல் பாதி வழி சரி, கருவி சரியில்லை. இரண்டாம் பாதி தப்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடலோரன், Info பேனலைத் திறங்கள் (F8). மல்டிப்ளையை எடுத்து Normal-ல் வைத்து, தாளின் நடுவிலும் நான்கு மூலையிலும் மவுசைக் கொண்டுபோய் ஆர், ஜி, பி என்ன எண் காட்டுகிறது என்று எழுதுங்கள்.

கடலோரன்
நடுவில் 236, 231, 214. வலது கீழ் மூலையில் 218, 212, 196. மற்ற மூலைகள் இரண்டுக்கும் நடுவில். கடல் படத்தில் ஒரு இடம் பார்த்தேன்: 120, 180, 190.

மண்டபம் டிடிபி
விஷயம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும் தாள் கணினிக்கு வெள்ளை இல்லை. மல்டிப்ளை செய்வது இவ்வளவுதான்:

```
விளைவு = மேல் × கீழ் ÷ 255
```

மேலே 255 இருந்தால் கீழே இருப்பது அப்படியே வரும். அதனால்தான் வெள்ளை "மறைகிறது". மேலே 0 இருந்தால் கறுப்பு. இடைப்பட்ட சாம்பல் எல்லாம் தன் அளவுக்குக் கீழ்ப்படத்தை இருட்டாக்கும். கோட்டோரத்துப் பாதிச் சாம்பலும் இப்படித்தான் கடலோடு கலக்கிறது, அதனால் பிசிறு வருவதில்லை. வேண்டால் வெட்டும்போது அந்தப் பாதிச் சாம்பல் தன்னோடு தாளையும் கொண்டுவந்துவிடும்.

உங்கள் கடலைப் போட்டுப் பாருங்கள். 120-ஐ 236-ஆல் பெருக்கி 255-ஆல் வகுத்தால் 111. 180 ஆனது 163. 190 ஆனது 159. சிவப்பில் 9 குறைகிறது, நீலத்தில் 31 குறைகிறது. தாள் மஞ்சளடித்திருப்பதால் நீலத்தைத்தான் அதிகம் தின்கிறது. கடல் இருட்டானதோடு பாசி பிடித்த மாதிரி ஆவது அதனால்தான். Brightness-ஐக் கூட்டினால் மூன்று சேனலும் சேர்ந்தே நகரும், மஞ்சள் முழுக்கப் போகாது, கோடும் சேர்ந்து வெளிறும்.

ஆக, செய்ய வேண்டியது ஒன்றுதான். தாளை உண்மையிலேயே 255 ஆக்க வேண்டும்.

1. கோட்டு லேயரை Normal-ல் வைத்து Ctrl+L அடியுங்கள், Levels வரும்.
2. வலது ஓரம் இருக்கும் மூன்று சொட்டுக்குழாயில் வெள்ளையை எடுத்து, தாளில் இருட்டான இடத்தில் சொடுக்குங்கள். உங்களுக்கு அது வலது கீழ் மூலை.
3. கறுப்புச் சொட்டுக்குழாயால் அணியத்தில் அடர்த்தியாக இங்க் விழுந்த இடத்தில் ஒரு சொடுக்கு.
4. OK கொடுத்து, பிறகு மல்டிப்ளை.

பலரும் நடுவில் பளிச்சென்று இருக்கும் இடத்தில் சொடுக்குவார்கள். அப்படிச் செய்தால் நடு 255 ஆகும், உங்கள் மூலை 235-லேயே நிற்கும். கட்டம் போய், மூலையில் ஒரு கறை மட்டும் மிஞ்சும். அது இன்னும் அசிங்கம்.

ஷார்ட்கட் பழக்கம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. Shift+Alt+M அடித்தால் மல்டிப்ளை வரும்தான், ஆனால் கையில் Move டூல் இருக்க வேண்டும். பிரஷ் இருக்கும்போது அடித்தால் லேயர் மாறாது, பிரஷின் மோடு மாறிவிடும். அப்புறம் அடிக்கிற கலரெல்லாம் ஏன் இருட்டாகிறது என்று தெரியாமல் அரைமணி நேரம் போகும்.

தேவிபட்டினம் மாலா
நல்ல தகவல் அண்ணே. இதே மாதிரி ஒருவர் நிற்கிற போட்டோவில் பின்னாடி வெள்ளைச் சுவர் இருக்கிறது. மல்டிப்ளை போட்டால் சுவர் போய்விடுகிறது, ஆனால் ஆளும் பேய் மாதிரி ஆகிவிடுகிறார். Levels போட்டால் சரியாகுமா?

மண்டபம் டிடிபி
ஆகாது மாலா. மல்டிப்ளைக்கு ஆள் எது, சுவர் எது என்று தெரியாது. சட்டையிலும் முகத்திலும் வெளிச்சமாக இருக்கிற இடமெல்லாம் சுவர் மாதிரியேதான் அதற்கு. போட்டோவுக்கு மாஸ்க் போட்டுத்தான் ஆக வேண்டும். இது கோட்டுப்படம், கையெழுத்து, முத்திரை மாதிரி வெள்ளைமேல் கறுப்பாக இருப்பதற்கு மட்டும்.

தேவிபட்டினம் மாலா
சரி அண்ணே, அப்படியென்றால் என் கேள்வி வேறு இழைக்கு. போனில் வரைகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஐபிஸ்பெயின்ட்டில் படத்தை உள்ளே எடுக்கும்போதே கோட்டை மட்டும் பிரிக்கவா என்று கேட்கும். சரி என்று கொடுத்தால் தாள் போய் கோடு மட்டும் வரும், மல்டிப்ளையே வேண்டாம்.

கடலோரன்
மண்டபம் அண்ணே, மூலையில் சொடுக்கினேன். கட்டம் போய்விட்டது. ஆனால் பாய்மரத்துக் கயிறும் வலையில் தூரத்துக் கண்ணிகளும் காணாமல் போய்விட்டன. அவை மெல்லிய கோடு, இங்க் கொஞ்சம் தேய்ந்து விழுந்தது. அந்த இடத்தில் 190 என்று காட்டுகிறது.

கீழக்கரை காக்கா
அது வரத்தான் செய்யும் தம்பி. மூலைத்தாள் 212, கயிறு 190. இரண்டுக்கும் இடைவெளி 22தான். 212-ஐ 255-க்குத் தூக்கினால் 190 ஆனது 228 ஆகிவிடும். கடலின் மேல் 228 என்பது ஒன்றுமே இல்லை.

Levels படம் முழுவதற்கும் ஒரே அளவுதான் போடும். உன் தாளுக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு அளவு வேண்டும். அதற்கு Divide இருக்கிறது.

முதலில் அந்த Levels-ஐ Undo செய்து, கோட்டு லேயரை Normal-ல் வைத்து, Ctrl+J அடித்து நகலெடு. மேல் நகலில் Filter > Other > Maximum, ரேடியஸ் 8. கோடெல்லாம் கரைந்து வெறும் தாள் நிழல்தான் நிற்கும். அதன் மேல் Gaussian Blur 40. இப்போது அந்த நகல் உன் தாளின் வெளிச்ச வரைபடம். அதன் மோடை Divide ஆக்கு. கீழ்ப்படம் ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்துத் தாளாலேயே வகுபடும். மூலையில் 218-ஐ 218-ஆல் வகுத்தாலும் ஒன்று, நடுவில் 236-ஐ 236-ஆல் வகுத்தாலும் ஒன்று. எல்லாம் வெள்ளை. பச்சை, நீலச் சேனலிலும் அதே கணக்கு நடப்பதால் மஞ்சளும் கூடவே போய்விடும். பிறகு இரண்டையும் Ctrl+E கொடுத்து ஒன்றாக்கு, அதற்கப்புறம் மல்டிப்ளை.

ரேடியஸ் 8 ஏன் என்றால், 300 டிபிஐ-யில் அரை மில்லிமீட்டர் கோடு 6 பிக்சல் வரும். Maximum இரண்டு பக்கமிருந்தும் தின்னும். 8 போட்டால் கோடும் குறுக்குக்கோடும் தாராளமாக அடங்கும். 600-ல் ஸ்கேன் செய்தால் இரட்டிப்பாக்கிக்கொள்.

கயிறு இன்னும் மெலிவாகத் தெரிந்தால் கடைசியில் Levels-ல் நடுக்கைப்பிடியை மட்டும் வலப்பக்கம் தள்ளி 0.60 வரை கொண்டு போ. 210-ல் நிற்கிற கயிறு 184-க்கு இறங்கும். வெள்ளை 255 இதில் அசையவே அசையாது. அதுதான் அந்த நடுக்கைப்பிடியின் வசதி.

தொண்டி நவாஸ்
Divide எல்லாம் எதற்குக் காக்கா? லேயரை டபுள் கிளிக் செய்தால் Blend If வரும். This Layer வெள்ளைக் கைப்பிடியை 205-க்கு இழுத்தால் அதற்கு மேல் உள்ளதெல்லாம் மறையும். ஒரே வேலை, ஸ்கேனைத் தொடவே வேண்டாம்.

கீழக்கரை காக்கா
205-ல் வெட்டினால் கோட்டோரத்தில் 204-ல் இருக்கிற பிக்சல் முழுத் தாள் நிறத்தோடு நிற்கும். வேண்டில் வந்த அதே பிசிறு. Alt பிடித்துக் கைப்பிடியை இரண்டாகப் பிரித்தால் கொஞ்சம் மெத்தென்று ஆகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சாம்பல் சாம்பலாகவே இருக்கும், கடலோடு கலக்காது.

தொண்டி நவாஸ்
பிரித்து வைத்து மல்டிப்ளையும் போட்டால்?

கீழக்கரை காக்கா
அப்போது ஓரம் சரியாக வரும். தாள் ஒரே சீராக இருக்கிற ஸ்கேனுக்கு அது போதும், தப்பில்லை. கயிறும் மூலைத்தாளும் இவ்வளவு நெருக்கமாக இருக்கிற படத்தில் நான் அதை நம்ப மாட்டேன்.

கடலோரன்
காக்கா, Divide அருமையாக வேலை செய்தது. கயிறு திரும்ப வந்துவிட்டது. ஆனால் வள்ளத்தின் அடிப்பலகை முழுக்க நான் கறுப்பாக இங்க் நிரப்பியிருந்தேன். அது இப்போது சாம்பல் ஆகிவிட்டது, ஓரத்தில் மட்டும் கறுப்பு.

மண்டபம் டிடிபி
Maximum 8 கோட்டைத்தான் தின்னும், அங்குலக்கணக்கில் நிரப்பிய கறுப்பைத் தின்னாது. அதனால் அந்த நகலில் அடிப்பலகை கறுப்பாகவே நின்றிருக்கும். ஒன்றை அதாலேயே வகுத்தால் வெள்ளைப் பக்கம்தானே போகும்?

வழி சுலபம். Divide போடுவதற்கு முன், Blur-க்கும் முன், மேல் நகலில் அடிப்பலகைக்கு மேல் பக்கத்துத் தாள் நிறத்தை Alt அழுத்தி எடுத்துப் பெரிய மெத்தென்ற பிரஷால் பூசிவிடுங்கள். எல்லை சரியாக இருக்க வேண்டியதில்லை, வெளியே தாளில் வழிந்தாலும் தாள் நிறம்தானே. அப்புறம் Blur, Divide.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை. கோட்டு லேயருக்கு மேல் Threshold அட்ஜஸ்ட்மென்ட் ஒன்று வைத்து, இரண்டு லேயருக்கும் நடுக்கோட்டில் Alt சொடுக்கி அதோடு கோத்துவிடுங்கள். கோட்டு லேயரைத் தற்காலிகமாக Normal ஆக்கி, Threshold எண்ணை 255-ல் வையுங்கள். துல்லியமாக 255 இல்லாத ஒவ்வொரு பிக்சலும் கறுப்பாகக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத தூசி, ரப்பர் தேய்த்த தடம், மடிப்பு எல்லாம் வெளியே வரும். அவற்றை வெள்ளைப் பிரஷால் அடித்துவிட்டு Threshold-ஐ நீக்கிவிடுங்கள். 252, 253 என்று சிதறி நிற்பது திரையில் தெரியாது, அதற்காக மெனக்கெட வேண்டாம். பெரிய திட்டாக இருந்தால்தான் கவலை.

இப்போது பாய்க்கு வருவோம். மல்டிப்ளைக்குத் தாளின் வெள்ளையும் பாயின் வெள்ளையும் ஒன்றுதான், இரண்டையும் விட்டுவிடும். பாய் வெள்ளையாக வேண்டுமென்றால் கோட்டு லேயருக்கும் கடலுக்கும் நடுவில் புது லேயர் போட்டு, அதில் பாய் வடிவத்தை வெள்ளையாகப் பூச வேண்டும். பிரஷால் கோட்டின் நடு வரைக்கும் வந்தால் போதும். மேலே இருக்கிற கறுப்புக்கோடு உங்கள் கைநடுக்கத்தை மறைத்துவிடும். வள்ளத்துக்குக் கலர் கொடுப்பதும் அதே லேயரில்தான். கலரைக் கோட்டுக்கு மேல் வைக்காதீர்கள்.

கடலோரன்
பாய், அடிப்பலகை எல்லாம் சரியாகிவிட்டது. ஒழுங்காக இருக்கட்டும் என்று கோட்டையும் கலரையும் "வள்ளம்" என்று ஒரு குரூப்பில் போட்டேன். அதிலிருந்து திரும்பவும் தாள் வெள்ளையாக முழுசாக வந்து நிற்கிறது! மல்டிப்ளை அப்படியேதான் இருக்கிறது.

கீழக்கரை காக்கா
குரூப்பின் மோடைப் பார். Normal என்று இருக்கும். அப்படி இருந்தால் மல்டிப்ளை குரூப்புக்குள் இருக்கிற லேயரோடு மட்டும்தான் பெருக்கும், வெளியே இருக்கிற கடல் அதற்குத் தெரியாது. அதை Pass Through ஆக்கு. போட்டோஷாப்பில் புதுக் குரூப் Pass Through ஆகத்தான் பிறக்கும், உன் கை எங்கோ பட்டிருக்கிறது. ஜிம்ப், கிரிட்டாவில் வேலை செய்கிறவர்கள் கவனம், அங்கே நாமாகத்தான் Pass Through ஆக்க வேண்டும்.

நவாஸ் சொன்ன பிஎன்ஜி ஆலோசனை தப்பாவதும் இதே காரணத்தால்தான். மல்டிப்ளை வெள்ளையை அழிப்பதில்லை, கீழே இருப்பதோடு பெருக்குகிறது. கீழே ஒன்றுமில்லை என்றால் பெருக்க ஆளில்லை, வெள்ளை வெள்ளையாகவே பிஎன்ஜி-யில் போய் உட்காரும்.

தொண்டி நவாஸ்
ஆமாம், இப்போது செய்து பார்த்தேன், வெள்ளைதான் வருகிறது. அப்போது உண்மையிலேயே கோடு மட்டும் இருக்கிற பிஎன்ஜி வேண்டுமென்றால்?

மண்டபம் டிடிபி
சுத்தம் செய்த கோட்டு லேயரைத் தனியாக வைத்து, Channels பேனலில் RGB சிறுபடத்தை Ctrl அழுத்திச் சொடுக்கு. வெளிச்சமெல்லாம் செலக்ட் ஆகும். Ctrl+Shift+I அடித்துத் திருப்பு. புது லேயரில் கறுப்பை நிரப்பு, பழைய லேயரை மறை. சாம்பல் எல்லாம் அதே விகிதத்தில் அரைகுறைக் கறுப்பாக வரும். ஜிம்ப்பில் Colors > Color to Alpha, வெள்ளையைக் கொடுத்தால் ஒரே வேலை. செலக்ட் செய்யக்கூடாது என்று ஆரம்பித்த இழையில் செலக்ட் செய்யச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

சாயல்குடி செல்வி
கொஞ்சம் வேறு கேள்வி. கருப்பட்டி லேபிள். பழுப்பு கிராஃப்ட் தாளில்தான் அச்சடிக்கப் போகிறோம். பனைமரக் கோட்டுப்படம் ஒன்று. திரையில் பழுப்புத்தாள் படத்துக்கு மேல் மல்டிப்ளை போட்டுப் பார்த்தால் அழகாக இருக்கிறது. பானையின் மேல் வெள்ளை மினுக்கும் வைத்திருக்கிறேன். அப்படியே அனுப்பலாமா?

ஏர்வாடி அச்சுக்கூடம்
அனுப்பாதீங்கம்மா. பழுப்புத்தாள் படத்தை மறைத்துவிட்டுக் கோட்டை மட்டும் அனுப்புங்கள். இல்லையென்றால் பழுப்புத் தாளின் மேல் பழுப்பு மையும் அடித்து லேபிள் சேறு மாதிரி வரும். மை தாளில் படிவதே மல்டிப்ளைதான். வெள்ளை இருக்கிற இடத்தில் மிஷின் ஒன்றுமே அடிக்காது, தாள்தான் தெரியும். அதே காரணத்தால் உங்கள் வெள்ளை மினுக்கு வராது. சாதா ஆஃப்செட்டில் வெள்ளை மை கிடையாது, அந்த இடத்தில் தாளின் பழுப்பே தெரியும். மினுக்கு வேண்டுமென்றால் வெள்ளை தனி மையாக ஓட்டுகிற இடம் பார்க்க வேண்டும், செலவு கூடும்.

கடலோரன் தம்பிக்கும் ஒன்று. நோட்டீஸ் ஆஃப்செட்டில் போகிறதென்றால், கலர் ஸ்கேனில் இருக்கிற கறுப்பு சிஎம்ஒய்கே-க்கு மாறும்போது நாலு மையும் கலந்த கறுப்பாகிவிடும். போட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க செட்டிங்கில் கறுப்பு மை 90-தான், மீதி மூன்றும் எழுபதை ஒட்டி. அடிப்பலகைக்குப் பரவாயில்லை. கயிறு மாதிரி மெல்லிய கோட்டில் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோட்டுக்குப் பக்கத்தில் சிவப்பும் நீலமும் நிழலாகத் தெரியும்.

சுத்தம் செய்த கோட்டைத் தனி கோப்பாக Grayscale-க்கு மாற்றி டிஃப்பாக சேவ் செய்யுங்கள். இன்டிசைனில் கடல் படமும் பாய்க் கலரும் ஒன்றாகக் கீழே, அதற்கு மேல் இந்த டிஃப், Effects-ல் Multiply. கோடு கறுப்புப் பிளேட்டில் மட்டும் விழும், கீழே கடல் ஓட்டையில்லாமல் அப்படியே ஓடும். பிளேட் நகர்ந்தாலும் வெள்ளை விரிசல் தெரியாது.

கடலோரன்
அச்சுக்கூடம் அண்ணே, பிடிஎஃப் அனுப்பினால் அங்கே கோரலில் திறப்பார்கள் என்கிறார்கள். மல்டிப்ளை நிற்குமா?

ஏர்வாடி அச்சுக்கூடம்
சில நேரம் நிற்கும், சில நேரம் வெள்ளைக் கட்டத்தோடு திறக்கும். அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிடிஎஃப்-எக்ஸ்-1ஏ-வாக எடுத்தால் மல்டிப்ளை அங்கேயே கடலோடு கரைந்து ஒன்றாகிவிடும், யார் திறந்தாலும் கட்டம் வராது. ஆனால் பிறகு வள்ளத்தை நகர்த்த முடியாது. கூடவே ஒரு ஜேபெக்கும் அனுப்பி "இப்படித்தான் வர வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

கீழக்கரை காக்கா
கோரலிலேயே செய்கிறவர்களுக்கு வேறு பழக்கம் உண்டு. படத்தை ஒரு பிட் கறுப்பு வெள்ளையாக்கி, கலர் வரிசையில் மேலே இருக்கிற பெருக்கல் குறியை இடது சொடுக்கு சொடுக்கினால் தாள் போய்விடும். 600 டிபிஐ-க்குக் கீழே ஸ்கேன் செய்தால் கோடு படிக்கட்டு மாதிரி வெட்டும், தேய்ந்த கயிறு விட்டு விட்டு வரும். தடித்த கோட்டுக்கு மட்டும் சொல்வேன்.

ஏர்வாடி அச்சுக்கூடம்
எனக்கு அதுதான் பிடித்தம் காக்கா, 1200-ல் ஸ்கேன் செய்தால். சாம்பலே இல்லாததால் கோடு புள்ளியாக உடையாமல் கூர்மையாக விழும்.

கீழக்கரை காக்கா
1200-ல் ஸ்கேன் செய்து கொடுக்கிற கடை எத்தனை நம் பக்கம்? சரி, அந்தச் சண்டை இருக்கட்டும்.

கடலோரன்
கடைசியாக ஒன்று. இதே வள்ளத்தை ராத்திரிக் கடல் படத்தின் மேலும் வைத்துப் பார்த்தேன். கோடே தெரியவில்லை.

மண்டபம் டிடிபி
மல்டிப்ளை இருட்டாக்கத்தான் செய்யும், இருட்டின் மேல் இருட்டு தெரியாது. கோட்டு லேயரின் நகலில் Ctrl+I அடித்து நெகட்டிவ் ஆக்கி, மோடை Screen ஆக்குங்கள். கறுப்பான தாள் மறையும், கோடு வெள்ளையாக நிற்கும். பாய்க்குள் பூசிய வெள்ளை லேயரை மட்டும் மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் வெள்ளையின் மேல் வெள்ளைக்கோடு காணாமல் போகும்.

கடலோரன்
வந்துவிட்டது. வலது ஓரத்தில் மட்டும் மேலிருந்து கீழாக ஒரு வெளிச்சக் கோடு.

மண்டபம் டிடிபி
ஸ்கேனர் மூடியின் நிழல் அது, பகல் படத்தில் கறுப்பாக நின்றிருக்கும், கடலில் கண்ணுக்குப் படவில்லை. இரண்டு லேயரிலும் ஓரத்தை 20 பிக்சல் வெட்டிவிடுங்கள்.